ஒரு சீட்டுக்கு ஒரு கொமிசன்

கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்கிற ஊரில், எங்கள் பலசரக்குக் கடைக்கு வருகிற வெள்ளைக்காரர் அதை "அக்கா" என்பார்கள். அக்யுமுலேட்டர் என்ற நீளப் பெயரைச் சுருக்கி வைத்தது. ஐந்தாறு பந்தாட்டங்களின் முடிவை ஒரே துண்டில் எழுதிப் பெட்டிங் கடையில் கட்டுவது. எல்லாம் சரிவந்தால் பெரிய காசு, ஒன்று பிழைத்தாலும் ஒன்றுமில்லை. என் கணவர் அம்பலவாணன் முதல்முறை "அக்காவுக்கு இருபது பவுண் குடுத்திட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போன சனிக்கிழமை, கனடாவிலிருக்கிற அவருடைய அக்காதான் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கிவிட்டாவாக்கும் என்று நான் கோழியை ஃப்ரீசரிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிட்டேன். அதைச் சொல்லிச் சொல்லி அவர் ஒரு மாதம் சிரித்தார். அப்போது நானும் சிரித்தேன்.

வாரத்துக்கு இருபது பவுண். சிகரெட் இல்லை, குடி இல்லை. விடிய ஐந்து மணிக்குக் கடை திறந்து பாண் பெட்டி இறக்குகிற மனிதனுக்கு அவ்வளவும் இல்லாவிட்டால் எப்படி என்றுதான் விட்டேன். அதோடு, அவர் சொன்ன நியாயம் எனக்கும் சரியாகப் பட்டது. ஏனென்றால் அந்த நியாயம் என் தொழிலிலிருந்து எடுத்தது.

நான் சீட்டுப் பிடிக்கிறவள். பத்துப் பேர், ஆளுக்கு மாதம் இருநூறு. ஒவ்வொரு மாதமும் ஒருவர் இரண்டாயிரத்தையும் எடுப்பார். எடுக்கிறவர் எனக்கு நூறு பவுண் தருவார், அதுதான் என் கொமிசன். நூற்றுக்கு ஐந்து. ஒரு சீட்டுக்கு ஒருமுறைதான். பிறகு அந்தக் காசோடு அவர் தங்கம் வாங்கினாலும் சரி, தவிடு வாங்கினாலும் சரி, எனக்கு அதில் பங்கு கிடையாது.

பெட்டிங் கடையில் தருகிற துண்டையும் அவர் சீட்டு என்றுதான் சொல்லுவார்.

"தயாளினி, யோசிச்சுப் பாரும்," என்றார் ஒரு நாள், பால் போத்தல்களை அடுக்கிக்கொண்டு. "அவனும் உம்மை மாதிரித்தானே. ஒரு சீட்டுக்கு ஒரு கொமிசன். அஞ்சு ஆட்டத்தை அஞ்சு சீட்டிலை எழுதினா அஞ்சு தரம் கொமிசன். ஒரே சீட்டிலை எழுதினா ஒருக்காத்தான். சனங்கள் இது விளங்காமல் தனித்தனியாக் கட்டுதுகள்."

"அப்ப நீங்கள் மிச்சம் பிடிக்கிறியள்," என்றேன்.

"பின்னை!"

செப்ரெம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷெறோன் சாப்பிட வந்தாள். என் சீட்டில் இருக்கிற கஸ்பர் அண்ணையின் மகள், சின்ன வயதிலிருந்து எங்கள் வீட்டில் வளர்ந்தது போல. அவள் ஒரு பந்தயக் கொம்பனியில் ஆட்டங்களுக்கு விலை போடுகிற பகுதியில் வேலை செய்கிறாள். சேர்ச்சில் யாராவது கேட்டால் கஸ்பர் அண்ணை "மகள் ஃபினான்ஸ்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார். அன்றைக்கு என் கணவர் தன் கொமிசன் நியாயத்தை அவளிடமே எடுத்து விட்டார். அவள் இடியப்பத்தைப் பிட்ட கையை நிறுத்தினாள்.

"மாமா, சீரியஸா? ஒரு சீட்டுக்கு ஒரு கொமிசன் எண்டு ஆர் சொன்னது?"

"உன்ர மாமிதான். லண்டனிலை அவவைவிட ஆர் சீட்டுத் தெரிஞ்ச ஆள்?"

"மாமியின்ர சீட்டு வேற. இது பேர்தான் சீட்டு." அவள் கையைக் கழுவிவிட்டு வந்து என் கல்குலேற்றரை எடுத்தாள். "நீங்கள் கட்டுறது என்னத்துக்கு?"

"ரெண்டு ரீமும் கோல் அடிக்குமோ, இல்லையோ. பத்துக்கு ஒன்பது."

பத்துப் பவுண் கட்டி வென்றால் ஒன்பது லாபம், கட்டின பத்தும் திரும்பும். ஒரு பவுணுக்கு ஒன்று தசம் ஒன்பது.

"அடிக்கும் எண்டதுக்கும் அதே விலை, அடிக்காது எண்டதுக்கும் அதே விலை. அப்ப கடைக்காரன் என்ன நினைக்கிறான்? சரிக்குச் சரி, காசு சுண்டுற மாதிரி. நேர்மையான விலை எண்டா ஒரு பவுணுக்கு ரெண்டு தரவேணும். தாறது ஒண்டு தசம் ஒன்பது. நூறு பவுண் கட்டினா சராசரியாத் திரும்பி வாறது தொண்ணூற்றைஞ்சு. அஞ்சு பவுண் அவன்ர."

"அதைத்தானே நானும் சொல்லுறன். கொமிசன். அஞ்சு வீதம்."

"பொறுங்கோ. அக்காவிலை என்ன நடக்குது? முதல் ஆட்டம் வெண்டா அந்தக் காசு முழுக்க ரெண்டாவது ஆட்டத்திலை போய் நிக்குது. அது வெண்டா எல்லாம் மூண்டாவதிலை. ஒவ்வொரு படியிலையும் அவன் குறைச்ச விலைதான் தாறான். மாமி, உங்கட சீட்டை எடுத்த ஒருத்தர் ரெண்டாயிரத்திலை உங்களுக்கு நூறு தந்திட்டு, மிச்சம் ஆயிரத்துத் தொளாயிரத்தைக் கொண்டுபோய் இன்னொருத்தியின்ர சீட்டிலை போட்டு எடுக்கிறார் எண்டு வையுங்கோ. அவளும் அஞ்சு வீதம் எடுக்கிறாள். பிறகு மூண்டாவது சீட்டு, நாலாவது, அஞ்சாவது. கடைசியிலை கையிலை எவ்வளவு?"

நான் கல்குலேற்றரை வாங்கி அமத்தினேன். தசம் தொண்ணூற்றைந்து, பெருக்கல், தசம் தொண்ணூற்றைந்து, ஐந்து தரம். இரண்டாயிரத்தில் ஆயிரத்து ஐந்நூற்று நாற்பத்தேழு பவுண் மிஞ்சியது.

"ஐயோ, நாநூற்றைம்பது போச்சே!"

"அதுதான். நூற்றுக்கு இருபத்திரண்டரைக்கு மேலை. பத்து ஆட்டம் எழுதினா நாற்பது வீதம் அவனுக்கு. ஒவ்வொரு கடைக் கண்ணாடியிலையும் அக்கா விளம்பரம் ஏன் ஒட்டிக் கிடக்குது எண்டு நினைக்கிறியள்? எங்களுக்கு அதிலைதான் சாப்பாடு."

"ஆனா வெண்டா ஐந்நூறு தாறானெல்லே, இருபதுக்கு!" என்றார் இவர்.

"நாநூற்றுத் தொண்ணூற்றைஞ்சு. ஓம். முப்பத்திரண்டு தரம் கட்டினா சராசரியா ஒருக்கா வெல்லுவியள். நாநூற்றுத் தொண்ணூற்றைஞ்சை முப்பத்திரண்டாலை பிரியுங்கோ, பதினைஞ்சரை. நீங்கள் ஒவ்வொருக்காவும் குடுக்கிறது இருபது. கிழமைக்கு நாலரைப் பவுண் நட்டம், அவ்வளவுதான்."

"எல்லா ஆட்டத்துக்கும் ரெண்டு பக்கமும் ஒரே விலை இல்லையே," என்று விடாமல் கேட்டார் இவர். மனிதன் கணக்கில் மக்கு இல்லை. "வெற்றி, தோல்வி, சமநிலை எண்டு மூண்டு விலை கிடந்தா?"

"விலை மூண்டையும் சொல்லுங்கோ. உதாரணத்துக்கு இரண்டு தசம் ஒண்டு, மூண்டு தசம் நாலு, மூண்டு தசம் அஞ்சு. நூறை ஒவ்வொண்டாலையும் பிரியுங்கோ. நாற்பத்தேழரை, இருபத்தொன்பதரை, இருபத்தெட்டரை, கிட்டத்தட்ட. கூட்டினா நூறு வரவேணும், ஆனா நூற்றைஞ்சரை வருது. அந்த மிச்சம்தான் கடைக்காரன்ர. இப்ப நாற்பத்தேழரையை நூற்றைஞ்சரையாலை பிரிச்சா நாற்பத்தைஞ்சு வீதம், அதுதான் உண்மையான சந்தர்ப்பம். அதை இரண்டு தசம் ஒண்டாலை பெருக்கினா தொண்ணூற்றைஞ்சுக்குக் கொஞ்சம் கீழை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இப்பிடி எடுத்து எல்லாத்தையும் ஒண்டோடொண்டு பெருக்குங்கோ. அதுதான் உங்கட சீட்டின்ர உண்மையான பெறுமதி. கடைக்காரன் போட்ட விலையை நம்பித்தான் இது, கிட்டத்தட்டத்தான்."

"நான் அவனைவிடத் திறமாக் கணிச்சா?"

"அப்ப உங்கட லாபமும் அப்பிடியே பெருகும், மாமா. ஆனா அதுக்கு எங்கட ஒஃபிஸிலை நூறு பேர் கொம்ப்யூட்டரோடை இருக்கினம். நீங்கள் பால் போத்தலோடை இருக்கிறியள்."

சிரித்தோம். இவரும் சிரித்தார், ஆனால் கொஞ்சம் பிந்தி. பிறகு கேட்டார்:

"அப்ப தனி ஆட்டம் எண்டா அஞ்சு வீதம்தானே?"

"ஓம். தனி எண்டா அஞ்சுதான்."

அதற்குப் பிறகு அக்கா நின்றுவிட்டது. சனிக்கிழமைகளில் அவர் கடையை விட்டு அசையவில்லை. நான் ஷெறோனுக்கு ஒரு பெட்டி அல்பொன்சோ மாம்பழம் அனுப்ப நினைத்து, பருவமில்லாதபடியால் முறுக்குச் சுட்டு அனுப்பினேன்.

ஒக்ரோபரில் கடைச் சொந்தக்காரனின் வக்கீல் கடிதம் எழுதியிருந்தார், சொலிசிற்றர் என்பார்கள் இங்கே. குத்தகை நவம்பரோடு முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமென்றால் முற்பணமும் மற்றச் செலவும் சேர்த்துப் பன்னிரண்டாயிரம். இல்லையென்றால் பக்கத்து முடிவெட்டுகிற கடைக்காரர் சுவரை இடித்துப் பெருப்பிக்கக் காத்திருக்கிறார். பதினேழு வருடக் கடை. எங்கள் இரண்டு பேருக்கும் வேறு வேலை தெரியாது, இந்த வயதில் யார் எடுப்பார்கள்? வங்கி ஏலாது என்றது. அந்த மாதச் சீட்டு என்னுடைய முறை. இரண்டாயிரத்தையும் உறையில் போட்டு இவரிடம் கொடுத்தேன்.

"சொலிசிற்றரிட்டைக் குடுங்கோ. இவ்வளவு கையிலை இருக்கு, மிச்சத்துக்குத் தவணை தாங்கோ எண்டு கேளுங்கோ."

"நான் பாக்கிறன்," என்றார்.

நவம்பரில் அந்தச் சனிக்கிழமை காலை ஷெறோன் தகப்பனுடைய சீட்டுக் காசு இருநூறையும் தர வந்திருந்தாள். மழை. கடையில் வேறு ஆளில்லை. இவர் கல்லாவுக்குக் கீழேயிருந்து ஒரு உறையை எடுத்து மேசையில் வைத்தார். நான் கொடுத்த அதே உறைதான். ஆனால் மூட முடியாமல் ரப்பர் போட்டிருந்தது.

"இஞ்சை பாரும்," என்றார். முகம் மினுங்கியது. "ஏழாயிரத்து இருநூற்றிருபது."

நான் உறையைத் தூக்கிப் பார்த்தேன். "எங்காலை வந்தது இவ்வளவும்?"

"அக்கா இல்லை, பயப்பிடாதையும். பிள்ளை சொன்ன மாதிரித்தான். தனி ஆட்டம். முதல் சனி ரெண்டாயிரம் கட்டினன், மூவாயிரத்து எண்ணூறு வந்துது. போன சனி அதைக் கட்டினன், இது. ரெண்டு சீட்டு. சீட்டுக்கு அஞ்சு வீதம்தான் கொமிசன். உம்மட சீட்டு மாதிரி. இண்டைக்கு ஒரு சீட்டு, பதின்மூவாயிரத்து எழுநூறு. திங்கக்கிழமை சொலிசிற்றருக்குப் போறன்."

ஷெறோன் உறையைத் தொடவில்லை. அவள் முகம் சாம்பலாகிவிட்டது.

"மாமா. ஒவ்வொருக்காவும் முழுக் காசையும் கட்டினனீங்களோ?"

"பின்னை? அரைவாசி கட்டினா எப்ப பன்னிரண்டாயிரம் வாறது?"

"அப்ப இது அக்காதான். மூண்டு ஆட்ட அக்கா. கடைக்காரன் ஒரே துண்டிலை எழுதுறதை நீங்கள் கையாலை மூண்டு சனிக்கிழமையா எழுதிறியள். ரெண்டாயிரம், ஆயிரத்துத் தொளாயிரம், ஆயிரத்து எண்ணூற்றைஞ்சு, ஆயிரத்து எழுநூற்றுப் பதினைஞ்சு. நான் மாமிக்குச் சொன்ன அதே கதை. துண்டு எத்தினை எண்டது கணக்கே இல்லை. காசு திரும்பத் திரும்ப உள்ளை போகுதோ, அதுதான் கணக்கு."

"மூண்டு சீட்டு வேறை வேறை, பிள்ளை. ரெண்டு வெண்டு காசு என்ர கையிலை வந்திட்டுது. பாத்தியோ, எண்ணிப் பாக்கலாம்."

"ஓம், வந்திட்டுது!" அவள் குரல் உயர்ந்தது. "அதுதான் வித்தியாசம். அக்காவிலை நடுவிலை நிக்க விடாங்கள். உங்களாலை நிக்க ஏலும். இப்ப, இந்த நிமிசம். இது உங்கட காசு. திரும்பக் கட்டினா, ரெண்டிலை ஒரு தரம் எல்லாம் போயிடும். சராசரி பாத்தாலும் முந்நூற்றறுபது பவுண் சும்மா குடுக்கிறியள்."

"இஞ்சேருங்கோ," என்றேன் நான். "இப்போதைக்கு ஏழாயிரம் காணும். மிச்சத்தைக் கஸ்பர் அண்ணையிட்டைக் கடனா மாறுவம். நான் கேக்கிறன்."

அவர் ஷெறோனைப் பார்த்தார். பிறகு என்னை. அப்போதுதான் எனக்கு விளங்கியது, நான் அதை அந்தப் பிள்ளைக்கு முன்னால் சொல்லியிருக்கக் கூடாது.

"கஸ்பரிட்டை," என்றார் மெதுவாக. "அவன் நாலு வருசமா என்ர கடையிலை கடனுக்குச் சாமான் எடுத்தவன். இப்ப நான் அவனிட்டைப் போய்க் கை நீட்டுறதோ?"

"அப்பா தருவார் மாமா. சந்தோசமாத் தருவார்."

"அது தெரியும். அதுதான்."

உறையைச் சட்டைக்குள் செருகினார். குடையை எடுக்கவில்லை. ஷெறோன் வாசலில் மறித்துக்கொண்டு நின்றாள். "மாமா, பிளீஸ். நான் உந்த வேலைதான் செய்யிறன். உங்களை மாதிரி ஆக்களை வைச்சுத்தான் எங்கட பிழைப்பு."

அவர் அவள் தலையில் கை வைத்து, சின்னப் பிள்ளையை விலத்துவது போல விலத்தினார். "நீதானே சொன்னனீ, தனி எண்டா அஞ்சு வீதம் எண்டு."

அவள் வழியை விட்டாள். சொன்னது அவள்தான். சொன்னது சரிதான்.

சனிக்கிழமை மூன்று மணி ஆட்டங்களை இங்கே ரீவியில் காட்ட விடமாட்டார்கள். காசைக் கட்டிவிட்டு நனைந்தபடி வந்தவர், பாண் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் இருந்து, ஃபோனில் இலக்கம் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு ரீமும் கோல் அடிக்க வேண்டும். நான் கல்லாவில் நின்றேன். ஒரு மனிசி முட்டைக்கு வந்தது, ஒரு பெடியன் சிப்ஸுக்கு. முதல் கோல் விழுந்ததும் "ஒரு பக்கம் முடிஞ்சுது, இனி மற்றப் பக்கம்தான்" என்றார். இரண்டாவதும் அதே பக்கம்.

"இன்னும் நேரம் கிடக்கு," என்றார்.

மூன்றாவதும் விழுந்தது. மூன்றும் ஒரே வலைக்குள். பிறகு இலக்கம் மாறவே இல்லை. ஆட்டம் முடிந்தது என்று எழுத்து வந்ததற்குப் பிறகும் அவர் ஃபோனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நான் கதவில் தொங்குகிற பலகையைத் திருப்பி 'மூடியிருக்கிறது' என்று வைத்தேன். பதினேழு வருடத்தில் சனிக்கிழமை பின்னேரம் அந்தப் பக்கம் வெளியே தெரிந்தது அதுதான் முதல் தடவை.

ஷெறோன் தன் வீட்டிலிருந்து ஃபோன் எடுத்தாள். நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"பிள்ளை," என்றார் இவர். குரல் வழக்கம் போலவே இருந்தது, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "ஒண்டு கேக்கட்டே. நான் அந்த இருபது பவுண் அக்காவோடையே இருந்திருந்தா?"

"வீதம் கூட, மாமா. ஆனா கிழமைக்கு நாலரைப் பவுண்தான் நட்டம்."

"இதிலை?"

"வீதம் குறைவு." அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. "பதினாலு வீதம்தான். ஆனா ரெண்டாயிரத்திலை. இருநூற்றெண்பத்தைஞ்சு பவுண். நான் அண்டைக்கு வீதத்தை மட்டும் சொன்னனான். எதிலை எண்டு சொல்லேல்லை."

"இருநூற்றெண்பத்தைஞ்சு," என்றார். "அவ்வளவுதானோ? அப்ப எனக்குப் போனது என்ன? ரெண்டாயிரமோ, ஏழாயிரமோ?"

"எனக்குத் தெரியேல்லை மாமா. கணக்கிலை ரெண்டாயிரம்."

"கணக்கிலை," என்றார் இவர்.

முடிவெட்டுகிற கடைக்காரர் நல்ல மனிதர். சுவர் இடிப்பதற்கு முன் எங்கள் ஃப்ரிட்ஜ் இரண்டையும் விலை பேசாமல் வாங்கிக்கொண்டார். கடைசி நாள் இவர் தட்டுகளிலிருந்து விலை ஒட்டிகளை ஒவ்வொன்றாக நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். தட்டுகள் குப்பைக்குத்தான் போகப் போகின்றன, விடுங்கோ என்றேன். கேட்கவில்லை. எப்போதும் பேப்பர் வாங்குகிற கிழவன் எட்வேட் வந்து, ஏன் மூடுகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

"கொமிஷன்," என்றார் இவர். கிழவனுக்கு விளங்கவில்லை. தோளில் தட்டிவிட்டுப் போனான்.

கடை இல்லாதபடியால் டிசெம்பர்ச் சீட்டுக் கூட்டம் கஸ்பர் அண்ணை வீட்டில். நான் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு வரும்போது எல்லோரும் வட்டமாக இருந்தார்கள். இவரும் மூலையில் ஒரு கதிரையில். இந்த மாதம் ஷெறோனின் தகப்பனுடைய முறை. இருநூறு இருநூறாக வந்து மேசையில் சேர்ந்தது. கஸ்பர் அண்ணை இரண்டாயிரத்தையும் எண்ணி, வழக்கம் போல நூறை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"இந்தாரும் தயாளினி. ஒரு சீட்டுக்கு ஒரு கொமிசன்."

அவர் ஒன்றும் நினைத்துச் சொல்லவில்லை. எப்போதும் சொல்லுகிறதுதான். ஷெறோன் தரையைப் பார்த்தாள். இவர் எழும்பி, கோட்டை எடுக்காமல், பின்கதவைத் திறந்து தோட்டத்துக்குப் போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முதுகு தெரிந்தது. உள்ளே வாங்கோ என்று கூப்பிட யாரும் எழும்பவில்லை. நூறு பவுண் மேசையில் கிடந்தது, நானும் அதை எடுக்கவில்லை.